28 நாளைச் சுருக்க முடியாது

தை முடிந்து மாசி பிறக்கும் சமயத்தில் எனக்கு ஒரே கடிதம் பல பேரிடமிருந்து வரும். பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் கைடாக இருப்பதும் வேலையில் சேர்த்தி. அந்தக் கடிதத்தை எனக்கு மனப்பாடமாகவே சொல்ல வரும். "மதிப்பிற்குரிய ஐயா, தவிர்க்க முடியாத சில காரணங்களால் எங்கள் ப்ராஜெக்ட் வேலை சற்றுத் தாமதமாகியுள்ளது. சிரமத்துக்கு மன்னிக்கவும். விரைவில் முடித்துவிடுவோம் என்று உறுதியளிக்கிறோம்." மாணவர்கள் இதை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தமிழில் சொன்னாலும் சாரம் ஒன்றும் குறையாது, ஏனென்றால் குறைவதற்கு அதில் சாரம் இல்லை.

மன்னிப்புக் கேட்டதற்காக நான் குறை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. எத்தனை நாள் தாமதம், எது நின்றுபோயிற்று, நான் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும், ஒன்றும் தெரியாது. "சரி, சீக்கிரம் முடியுங்கள்" என்று பதில் போடலாம். போட்டிருக்கிறேன். அப்படிப் பதில் போட்ட வருஷங்களில் ஏப்ரல் மாதம் அந்தப் பிள்ளைகளும் நானும் பட்ட பாடு தனிக்கதை.

ஒரு பேட்ச் எழுதிய இரண்டு மெயில்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதல் மெயில் ஞாயிறு இரவு 11 மணிக்கு வந்தது. இரண்டாவது மறுநாள் மதியம் வந்தது. எழுதியவன் ஒரே பையன்தான்.

முதலில் அவர்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரித்தபின் மிஞ்சும் சாம்பலை, கான்கிரீட்டில் சிமென்ட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்பது. சிமென்ட்டில் 0, 5, 10, 15, 20 விழுக்காடு என்று ஐந்து கலவைகள். எம்25 தரக் கான்கிரீட். ஒவ்வொரு கலவையிலும் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள 9 கியூப்கள் வார்க்க வேண்டும். மூன்றை 7-ஆம் நாள், மூன்றை 14-ஆம் நாள், மூன்றை 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து உடைக்க வேண்டும். மொத்தம் 45 கியூப். ஒரு கியூப் எட்டு கிலோவுக்குக் குறையாது என்பதால் இது கை வலிக்கும் வேலை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 20 முதல் 24 வரை நாளுக்கு ஒரு கலவையாக வார்த்துவிட்டார்கள். கணக்குப்படி பிப்ரவரி 21-ஆம் தேதி கடைசி கியூப் உடைந்திருக்கும். 28-ஆம் தேதி இரண்டாவது ரிவ்யூ, மார்ச் 28-ஆம் தேதி மூன்றாவது ரிவ்யூ, ஏப்ரல் 11-ஆம் தேதி ரிப்போர்ட் சமர்ப்பிப்பு. தாராளமான அட்டவணை. அதனால்தான் ஞாயிறு இரவு வந்த "தவிர்க்க முடியாத காரணங்கள்" எனக்கு உறுத்தியது. கியூப்கள் தொட்டித் தண்ணீரில் கிடக்கின்றன. அவை கிடப்பதற்கு என்ன தவிர்க்க முடியாத காரணம் வந்துவிடும்?

ஒரே வரி பதில் எழுதினேன். "நாளைக்கு லேப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை மட்டும் எழுது தம்பி."

மறுநாள் வந்த மெயிலை, பெயர்களை நீக்கித் தமிழில் தருகிறேன்.

பொருள்: பேட்ச் 7, சாம்பல் கான்கிரீட். சோதனையில் தவறு, 5 வாரத் தாமதம். நாளை அடுப்பைத் தொடங்க அனுமதி வேண்டும்.

"சார், எங்கள் சோதனை 5 வாரம் பின்தங்கிவிட்டது. பிப்ரவரி 21-ல் முடிய வேண்டிய 28 நாள் சோதனை மார்ச் 28-ல்தான் முடியும். ஏப்ரல் 11 சமர்ப்பிப்புத் தேதியை மாற்றக் கேட்கவில்லை.

என்ன நடந்தது: 10, 15, 20 விழுக்காடு கலவைகளின் 7 நாள் சோதனையில் மூன்று கியூப்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 10 விழுக்காட்டில் உடைந்த சுமை 320, 395, 470 கிலோநியூட்டன். சராசரியிலிருந்து இருபுறமும் 19 விழுக்காடு விலகல். 15-க்கு மேல் போகக் கூடாது என்பதால் இந்த முடிவைப் பயன்படுத்த முடியாது.

காரணம்: சாம்பலில் எரியாத கரி அதிகம். சுட்டுப் பார்த்ததில் எடை 14 விழுக்காடு குறைந்தது. இதை வார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சாம்பல் தண்ணீரைக் குடித்துக் கலவை இறுகியபோது நாங்கள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினோம். எவ்வளவு என்று குறித்து வைக்கவில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் ஒவ்வொரு அளவு போயிருக்கும்.

7 நாள் முடிவு ஜனவரி 31-ஆம் தேதியே எங்களுக்குத் தெரியும். 28 நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

சரியாக இருப்பது: சாம்பல் இல்லாத கலவை. இன்று 28 நாள் சோதனை முடிந்தது. சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 31.2 நியூட்டன்.

இனி செய்ய நினைப்பது: பிப்ரவரி 18 முதல் 24 வரை சாம்பலை மறுபடி சுடுவது, நாளுக்கு ஒரு தட்டு. 25-ல் சலித்து, கரி அளவைச் சோதிப்பது. 26, 27, 28-ல் 5, 10, 15 விழுக்காடு கலவைகளை வார்ப்பது. மார்ச் 26, 27, 28-ல் 28 நாள் சோதனை. 20 விழுக்காட்டையும் 14 நாள் சோதனையையும் விட்டுவிட அனுமதி கேட்கிறோம். 25-ஆம் தேதி கரி 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அன்று மாலையே எழுதுகிறோம்.

தங்களிடம் கேட்பது: நாளை முதல் 6 நாள் அடுப்பு, மேற்படி மூன்று நாளுக்கு 18 மோல்டு, 20 விழுக்காட்டை விட ஒப்புதல்."

இணைப்பாக லேப் நோட்டின் நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

இதில் எனக்கு முதலில் பிடித்த வரி "எவ்வளவு என்று குறித்து வைக்கவில்லை" என்பதுதான். மாணவன் தன் தப்பை ஒத்துக்கொண்டான் என்கிற ஆனந்தம் இல்லை இது. அந்த வரி இல்லாவிட்டால் காரணம் பாதிதான். சாம்பலில் கரி இருப்பது மூன்று கியூப்களையும் ஒரே மாதிரி பலவீனமாக்கும். ஒரே கலவையில் ஒன்று 320-லும் இன்னொன்று 470-லும் உடைவதற்கு அது மட்டும் போதாது. தண்ணீர் ஒரு சட்டியில் கூடவும் இன்னொன்றில் குறையவும் போனால்தான், அல்லது இறுகிய கலவை மோல்டுக்குள் சரியாக அமுங்காமல் பொந்து விழுந்தால்தான் இப்படி ஆகும். முதலில் வந்த காரணத்தோடு நிறுத்தியிருந்தால் ஆலைமீது பழி போட்டுவிட்டு, புதுச் சாம்பலிலும் அதே தண்ணீர் விளையாட்டை விளையாடியிருப்பார்கள். தாமத மெயிலில் காரணம் எதற்கு என்றால் இதற்குத்தான். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று அது காட்ட வேண்டும். "சாம்பல் சரியில்லை" என்பது மாற்றத்தைக் காட்டாது. "கரி 14 விழுக்காடு, தண்ணீர் அளவில்லாமல் போயிற்று" என்பது இரண்டு மாற்றங்களைக் காட்டுகிறது. சாம்பலைச் சுட வேண்டும். தண்ணீரைத் தொடக் கூடாது.

அந்த 14-ம் எனக்கு முக்கியம். அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமென்ட்டோடு சேர்ப்பதற்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 3812. சுட்டால் குறையும் எடை 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கரும்புச் சாம்பலுக்கு அளவுகோலாக நாங்கள் அதையே எடுத்துக்கொள்வது வழக்கம். 14 என்ற எண்ணைப் பார்த்ததும் இந்தப் பையன் கதை விடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே லேபுக்குப் போய் ஒரு மூசை சாம்பலை அடுப்பில் வைத்தால் சரிபார்த்துவிடலாம். இப்படிச் சரிபார்க்கக் கூடிய காரணம் ஒன்று இருந்தால், நீளமான வருத்தங்கள் தேவைப்படுவதில்லை.

உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, அப்பாவுக்கு ஆபரேஷன் என்ற காரணங்களும் வரத்தான் செய்கின்றன. அவற்றுக்கு இந்தச் சரிபார்ப்பு விதியெல்லாம் கிடையாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை நின்றது என்று எழுதினால் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அதைப் படித்து நான் என்ன செய்யப்போகிறேன்.

அடுத்தது, ஜனவரி 31. இந்த மெயிலிலேயே எழுதக் கடினமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். 17 நாள் மூடி வைத்திருக்கிறார்கள். அதை எழுதாமலே விட்டிருக்கலாம், எனக்கு உடனே தெரிந்திருக்காது. ஆனால் லேப் நோட்டின் படத்தில் தேதி இருக்கிறது. மெயில் மறைத்து நோட்டு சொன்னால், மிச்சமுள்ள எண்களையும் நான் சந்தேகப்படுவேன். அந்த 17 நாளில் என் பங்கும் உண்டு என்று இங்கே சொல்லிவிட வேண்டும். 7 நாள் சோதனை முடிந்த வாரத்தில் நோட்டைக் கொண்டு வரச் சொல்லி நான் பார்த்திருக்க வேண்டும். முதல் பருவத்து விடைத்தாள் கட்டு மேசையில் இருந்தது என்பது என்னுடைய தவிர்க்க முடியாத காரணம்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தாமதமானவன் எழுதும் அட்டவணை எப்போதும் அதீத நம்பிக்கையோடு இருக்கும். பழைய அட்டவணையில் ஐந்து நாளான வேலை புதியதில் இரண்டு நாளாகிவிடும். கான்கிரீட் இதற்கு மசியாது. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும் வேலை அதன் போக்கில்தான் நடக்கும். 28 நாள் பலம் வேண்டுமென்றால் 28 நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும். இரவு கண் விழித்தால் கியூப் சீக்கிரம் முதிராது.

7 நாள் முடிவை வைத்து 28 நாளைக் கணித்துவிடலாமே என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவர் கேட்பார். சாதாரண சிமென்ட் கான்கிரீட்டில் 7-ஆம் நாள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கும் என்று மேஸ்திரிகளுக்கும் தெரியும். ஆனால் சாம்பல் கலந்ததில் அந்தக் கணக்கு செல்லாது. சிமென்ட் இறுகும்போது வெளியாகும் சுண்ணாம்போடு சாம்பலிலுள்ள சிலிக்கா பிறகுதான் மெதுவாக வினைபுரியும். முதல் வாரத்தில் பின்தங்கித் தெரிந்து நான்காம் வாரத்தில் எட்டிப் பிடிப்பதுதான் அதன் குணம். அந்த எட்டிப் பிடித்தல் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதே ப்ராஜெக்ட். அதைக் கணித்து எழுதினால் ப்ராஜெக்ட்டே இல்லை. கொதிநீரில் வேகவைத்து ஒன்றேகால் நாளில் பலத்தை அனுமானிக்கும் முறையும் இருக்கிறது. அதற்கும் இதே பொருள்களில் முன்பே செய்து வைத்த ஒப்பீட்டுக் கோடு வேண்டும். இவர்களிடம் அது கிடையாது.

எனவே புதிய அட்டவணையைப் பின்னிருந்து எண்ண வேண்டும். ஏப்ரல் 11 ரிப்போர்ட். நான் படித்துத் திருத்த 3 நாள் கேட்பேன். எண்களை வரைபடமாக்கி எழுத அவர்களுக்கு 5 நாள். ஆக ஏப்ரல் 3-ஆம் தேதிக்குள் கடைசி கியூப் உடைய வேண்டும். அதிலிருந்து 28 நாள் பின்னால் போனால் மார்ச் 6. அந்தத் தேதிக்குப் பிறகு வார்க்கும் எந்தக் கியூபும் இந்த ரிப்போர்ட்டுக்கு உதவாது. அவர்கள் வார்க்க நினைத்த கடைசி நாள் பிப்ரவரி 28. நடுவில் 6 நாள் கையிருப்பு. பையன் மெயிலில் இந்த மார்ச் 6-ஐ எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஒரு தேதி சொல்லும்போது, அது தவறினால் எதுவரை தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கைடுக்குத் தூக்கம் வரும்.

6 நாள் அடுப்பு எதற்கு என்று கேட்டேன். கணக்கு வைத்திருந்தான். ஒரு கலவைக்கு 6 கியூப் என்றால், சிந்துவதற்கும் சேர்த்து, சிமென்ட்டும் சாம்பலுமாக எட்டரை கிலோ வேண்டும். மூன்று கலவைகளுக்கும் சேர்த்துச் சாம்பல் மட்டும் இரண்டரை கிலோ. லேபிலுள்ள மஃபிள் அடுப்பில் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் ஒரு தடவைக்கு 700 கிராம் கொள்ளும். குவித்து வைத்தால் அடியிலுள்ள கரிக்குக் காற்றுப் போகாது, கறுப்பாகவே நிற்கும். 600 முதல் 700 டிகிரிக்குள் சுட வேண்டும். அதற்கு மேல் மிகவும் போனால் சிலிக்கா படிகமாகி வினைபுரியும் தன்மையை இழக்கும். சூடேற, சுட, ஆற என்று ஒரு தட்டுக்கு ஒரு நாள். ஆறு தட்டில் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் போட்டால், எரிந்ததுபோக மூன்றரை கிலோ மிஞ்சும். தேவைக்கு மேல் ஒரு கிலோ. "ஒருவேளை மறுபடி வார்க்க வேண்டியிருந்தால் சார்" என்றான். இந்த ஒரு கிலோதான் பிறகு எனக்குத் துருப்புச்சீட்டு ஆயிற்று.

என் பதிலில் மூன்று திருத்தங்கள் இருந்தன.

முதலாவது, சாம்பல் இல்லாத கலவையைப் பற்றியது. ஜனவரியில் வார்த்தது நன்றாக வந்திருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிமென்ட் மூட்டை தீர்ந்துவிட்டது. புதுக் கலவைகளுக்குப் புது மூட்டை வரும். மூட்டைக்கு மூட்டை சிமென்ட் கொஞ்சம் மாறும். பழைய சிமென்ட்டில் வார்த்ததையும் புதுச் சிமென்ட்டில் வார்த்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டு, வித்தியாசம் சாம்பலால் வந்தது என்று சொன்னால் வைவாவில் வெளித்தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். ஆகவே சாம்பல் இல்லாததையும் புது மூட்டையில் மறுபடி வார்க்க வேண்டும். இது கேட்டதும் இன்னும் நாலு நாள் போச்சே என்று தோன்றும். போகாது. அந்தக் கலவைக்குச் சாம்பல் வேண்டாம், அடுப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிப்ரவரி 20-ஆம் தேதி வார்த்துவிடலாம். மூட்டையின் வாயை இறுகக் கட்டி உலர்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் இப்படிச் சும்மா கிடக்கும் நாட்கள் வெளியே வரும்.

இரண்டாவது, வார்க்கும் வரிசை. 5, 10, 15 என்று எழுதியிருந்தான். ஏறுவரிசை கண்ணுக்கு அழகு. நான் 10-ஐ முதலில் வார்க்கச் சொன்னேன். இந்த ப்ராஜெக்ட்டின் நடு எண் அதுதான். ஏதாவது ஒன்று கெட்டுப்போய், சாம்பல் இல்லாததும் 10 விழுக்காடும் மட்டும் தேறினால்கூட ஒரு ரிப்போர்ட் எழுதிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. பிப்ரவரி 26-ல் வார்த்த 10 விழுக்காட்டின் 7 நாள் சோதனை மார்ச் 5-ஆம் தேதி வரும். மறுபடி வார்க்கக் கடைசி நாள் மார்ச் 6. ஒரே ஒரு நாள் இடைவெளி. அந்த ஒரு கிலோ மிச்சச் சாம்பல் இங்கே வேலைக்கு வரும். அதனால் 7 நாள் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்று எழுதினேன். ரிப்போர்ட்டில் அது ஒரு வரிதான். அட்டவணையில் அது அபாயச் சங்கு.

14 நாள் சோதனையை விடுவதற்கு உடனே சம்மதித்தேன். ஆனால் அதனால் ஒரு நாளும் மிச்சமாகாது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எப்படியும் 28-ஆம் நாள் வரை காத்திருக்கத்தான் போகிறோம். மிச்சமாவது கலவைக்கு மூன்று மோல்டு, மூன்று கியூப் அளவு சாம்பல், அவ்வளவே. மோல்டு வேறு பேட்ச்களும் கேட்கும் பொருள் என்பதால் அந்த மிச்சம் பெரியதுதான். 20 விழுக்காட்டை விட்டதும் அதே கணக்கில். எதை விடுகிறோம் என்று எழுதும்போது, விட்டால் நாள் மிச்சமா, பொருள் மிச்சமா என்பதையும் எழுதிவிட்டால் கைடு சீக்கிரம் சம்மதிப்பார்.

மூன்றாவது திருத்தம் அவர்களுக்கு வியப்பாக இருந்தது. ஜனவரியில் வார்த்த கெட்டுப்போன கியூப்கள் தொட்டியில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய நினைத்திருந்தார்கள். எறியாதீர்கள், 28-ஆம் நாளில் அவற்றையும் உடையுங்கள் என்றேன். 10 விழுக்காட்டுக் கியூப்களுக்கு அது பிப்ரவரி 19. பலத்துக்கான முடிவாக அந்த எண்களை எழுத முடியாது. ஆனால் கரி அதிகமுள்ள சாம்பலை அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சுடாத சாம்பல், சுட்ட சாம்பல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு பக்கம் கிடைக்கும். தண்ணீர் அளவு தெரியாது என்பதையும் அதே பக்கத்தில் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன்.

தண்ணீர் பற்றித் தனியாக ஒரு வரி. கலவை மறுபடி இறுகினால் தண்ணீரைத் தொடாதீர்கள். குழைவு கூட்டும் ரசாயனம் லேபில் இருக்கிறது, அதை அளந்து ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுங்கள்.

என்னால் முடியாததையும் பதிலில் சொல்லிவிட்டேன். ரிவ்யூ தேதி துறை முழுவதற்கும் ஒன்று. ஒரு பேட்ச்சுக்காக அது நகராது. பிப்ரவரி 28 ரிவ்யூவில் காட்ட அவர்களிடம் பலத்தின் வரைபடம் இருக்காது. கரிச் சோதனையின் எண்ணும், ஜனவரி கியூப்களும், இந்தத் திருத்திய அட்டவணையும்தான் இருக்கும். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். அதை முன்பே சொல்லிவிடுவது எனக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. மார்ச் 28 ரிவ்யூவின்போது கடைசிக் கலவை அன்று காலையில்தான் உடையும். எட்டு மணிக்கே லேபைத் திறந்துவைக்கச் சொல்கிறேன் என்று லேப் உதவியாளரிடம் பேசிவிட்டு எழுதினேன்.

அடுப்பு, மோல்டு, ஒப்புதல் என்று மூன்றே கோரிக்கைகளை அவன் கடைசியில் தனியாக எழுதியிருந்ததால், இத்தனைக்கும் எனக்கு 20 நிமிஷம்தான் ஆயிற்று. இரண்டு தொலைபேசி அழைப்பு, ஒரு கையெழுத்து. "தங்கள் மேலான வழிகாட்டுதலை வேண்டுகிறோம்" என்று முடித்திருந்தால், இந்த மூன்றையும் நானாக ஊகித்து, அவனை அழைத்துக் கேட்டு, பிறகு செய்திருக்க வேண்டும். வழிகாட்டத்தான் கைடு, மறுக்கவில்லை. ஆனால் அடுப்புச் சாவி யாரிடம் வேண்டும் என்று சொன்னால் இன்னும் நன்றாக வழிகாட்டலாம்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அனுப்புங்கள். ஆனால் மெயில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், குழுவிலுள்ள மற்றவர்களுக்கும் நகல் போகட்டும். நான் இடையில் விடுப்பில் போய் வேறொருவர் பொறுப்புக்கு வந்தால், 20 விழுக்காட்டை விட யார் அனுமதித்தது என்று கேட்பார். அப்போது காட்ட ஒரு காகிதம் வேண்டும். துறைத் தலைவருக்கு நேரடியாக நகல் போடுவதை மட்டும் கைடிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதல் மெயிலிலேயே அவரைச் சேர்த்தால் புகார் மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 25-ஆம் தேதி மாலை கரிச் சோதனை முடிவு வந்தது. 3 விழுக்காடு. மறுநாள் 10 விழுக்காட்டுக் கலவையை வார்த்தார்கள். ரசாயனம் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவர் போதும் என்று நான் சொன்ன பிறகும்.

மார்ச் 5-ஆம் தேதி மாலை 5.40-க்கு ஒரு மெயில் வந்தது. அதில் மதிப்பிற்குரிய ஐயாவும் இல்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும் இல்லை. "சார், 10 விழுக்காடு, 7 நாள்: 440, 452, 471. சராசரியிலிருந்து அதிகபட்ச விலகல் 4 விழுக்காடு. நாளைக்கு வார்க்க வேண்டாம்."